பார் வேறு உயரம், லேபிள் ஒரே எண்: சார்ட் லேபிள்களில் எண்களைச் சுருக்கும்போது வரும் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி

மாதாந்திர அறிக்கைகளுக்கு சார்ட் போட்டுக் கொடுப்பது என் வேலை. என்னிடம் திரும்பி வரும் சார்ட்டுகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்துக்காகத்தான் வருகின்றன. தரவு சரி, சார்ட் வகையும் சரி. பார் மேலே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன எண்தான் தகராறு. நீளமாக இருக்கிறதே என்று யாரோ சுருக்கியிருப்பார்கள். சுருக்கிய இடத்தில் ஒரு வித்தியாசம் காணாமல் போயிருக்கும், அல்லது இல்லாத வித்தியாசம் ஒன்று முளைத்திருக்கும்.

இந்தப் பக்கத்தை அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் சார்ட்டில் தெரியும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணத்தை முதலிலும், அதிக வேலை வாங்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். மெனு பெயர்களும் ஃபார்மட்களும் எக்செலுக்கானவை. வேறு கருவி வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், சோதனைகள் மாறாது.

எல்லாத் தலைப்புக்கும் இந்த ஐந்து எண்களையே எடுத்துக்கொள்கிறேன். ஐந்து பிரிவுகள் ஒரு மாதத்தில் முடித்த கோரிக்கைகளின் எண்ணிக்கை:

```
வடக்கு    12,48,600
தெற்கு    12,51,300
கிழக்கு    11,63,900
மேற்கு    12,04,200
மையம்     9,86,700
```

## தொடங்கும் முன் ஒரு சோதனை

லேபிளை முதலில் முழு இலக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். லேபிள் ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து Format Data Labels திறந்து, Number பகுதியில் ஃபார்மட்டை `#,##0` என்று வையுங்கள். சார்ட் அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. முழு எண்ணில் கோளாறு மறைந்தால் பிரச்சினை ஃபார்மட்டில் இருக்கிறது. அது பத்து நிமிட வேலை. முழு எண்ணிலும் கோளாறு அப்படியே இருந்தால் பிரச்சினை அச்சிலோ தரவிலோ இருக்கிறது. கீழே "பார்தான் பொய் சொல்கிறது", "தரவே ரவுண்ட் ஆகி வந்திருக்கிறது" என்று வரும் இடங்களுக்குப் போங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரடியாகத் தசம இடங்களைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் அரை நாள் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

## அறிகுறி 1: பார்களின் உயரம் வேறு, லேபிள் ஒன்று (அல்லது உயரம் ஒன்று, லேபிள் வேறு)

நம் ஐந்து எண்களுக்கும் மில்லியன் ஃபார்மட் போட்டுப் பார்ப்போம். `0.0,,"M"` என்றால் கடைசியில் உள்ள இரண்டு கமாவும் எண்ணை இரண்டு முறை ஆயிரத்தால் வகுத்துக் காட்டும். செல்லில் உள்ள எண் மாறாது. சார்ட்டில் வருவது இது:

```
வடக்கு    1.2M
தெற்கு    1.3M
கிழக்கு    1.2M
மேற்கு    1.2M
மையம்    1.0M
```

வடக்குக்கும் தெற்குக்கும் உண்மையான வித்தியாசம் 2,700. பார்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்தான், கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் லேபிள் ஒரு லட்சம் வித்தியாசம் என்று சொல்கிறது. மறுபக்கம், வடக்குக்கும் கிழக்குக்கும் 84,700 வித்தியாசம். பாரில் அது நன்றாகவே தெரிகிறது, லேபிளில் இரண்டும் 1.2. ஆக ஒரே ஃபார்மட் பெரிய வித்தியாசத்தை விழுங்கிவிட்டு, சின்ன வித்தியாசத்தை ஊதிப் பெருக்கியிருக்கிறது. இந்தச் சார்ட்டை வைத்து தெற்குப் பிரிவைப் பாராட்டி ஒரு மடல் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காரணம் அ: ஃபார்மட் செல்லிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. Number பகுதியில் Linked to source என்ற பெட்டி டிக் ஆகியிருந்தால், அட்டவணைச் செல்லில் என்ன ஃபார்மட்டோ அதுவே லேபிளுக்கும் வரும். அட்டவணையில் யாரோ அழகுக்காகத் தசமத்தைக் குறைத்தால் சார்ட்டும் சேர்ந்து மாறிவிடும். டிக்கை எடுத்துவிட்டு லேபிளுக்கென்று தனி ஃபார்மட் கொடுங்கள். நேற்று வரை சரியாக இருந்தது, இன்று கெட்டுவிட்டது என்று வரும் சார்ட்டுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

காரணம் ஆ: படி பெரியது. லேபிள் ஒரு மதிப்பிலிருந்து அடுத்த மதிப்புக்குத் தாவும் அளவை நான் படி என்று சொல்வேன். `0.0,,"M"` ஃபார்மட்டில் படி ஒரு லட்சம், ஏனென்றால் 1.2-க்கு அடுத்து 1.3 தான் வர முடியும். `0.00,,"M"` என்றால் படி பத்தாயிரம். `0,"K"` என்றால் ஆயிரம்.

எத்தனை தசமம் வைப்பது என்பதை எண்ணின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கமான தவறு. பார்க்க வேண்டியது எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை. வாசகர் கவனிக்க வேண்டிய மிகச் சிறிய இடைவெளி எது என்று முதலில் தீர்மானியுங்கள். படி அந்த இடைவெளியை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிதாக இருந்தால் இரண்டு லேபிளும் ஒன்றாகிவிடலாம். இது குறைந்தபட்சம். யார் முன்னே, யார் பின்னே என்று தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு வித்தியாசம் என்றும் லேபிள்களைக் கழித்துப் பார்ப்பார்கள் என்றால் படியை இடைவெளியில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு லேபிள்களைக் கழிக்கும்போது வரும் பிழை ஒரு படி வரைக்கும் போகலாம் என்பதுதான் இதற்குக் கணக்கு.

சரி, நம் எண்களில் கவனிக்க வேண்டிய இடைவெளி எது? இதைச் சொல்ல வேண்டியவர் சார்ட் போடுபவர் அல்ல, அந்த எண்களோடு வேலை செய்பவர். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு பிரிவின் எண்ணிக்கை எந்தக் காரணமும் இல்லாமல் மாதத்துக்கு மாதம் எவ்வளவு ஏறி இறங்கும்?" இருபதாயிரம் என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் வடக்கு, தெற்கு இடையே உள்ள 2,700 பேசத் தகுந்த விஷயமே இல்லை. அடுத்த இடைவெளி மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே 40,300. அதைக் காட்டியாக வேண்டும். அதில் நான்கில் ஒரு பங்கு ஏறத்தாழ பத்தாயிரம். எனவே படி பத்தாயிரம், ஃபார்மட் `0.00,,"M"`:

```
வடக்கு    1.25M
தெற்கு    1.25M
கிழக்கு    1.16M
மேற்கு    1.20M
மையம்    0.99M
```

வடக்கும் தெற்கும் சமம் என்று வருகிறது, அது நியாயமான சமம். மேற்கையும் கிழக்கையும் கழித்தால் 0.04, அதாவது நாற்பதாயிரம், உண்மை 40,300. இதற்கு மேல் தசமம் கூட்டினால் வடக்கு 1.249, தெற்கு 1.251 என்று வந்து, இல்லாத போட்டி ஒன்றைக் கிளப்பிவிடும். தசமம் குறைவது மட்டுமே குற்றம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

லட்சத்தில் வேண்டும் என்றால். எக்செல் ஃபார்மட்டில் கமா ஆயிரத்தால் மட்டுமே வகுக்கும். லட்சத்தால் வகுக்கும் குறி கிடையாது. 12,48,600 என்று கமா போடும் இடத்தை மாற்றும் தந்திர ஃபார்மட்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை இலக்கங்களைப் பிரித்து எழுதும், எண்ணைச் சுருக்காது. பக்கத்தில் ஒரு துணை நெடுவரிசை போட்டுவிடுவதே வழி:

```
=B2/100000
```

சார்ட்டை அந்த நெடுவரிசையில் கட்டி, லேபிளுக்கு `0.0` கொடுங்கள். 12.5, 12.5, 11.6, 12.0, 9.9 என்று வரும். லட்சத்தில் ஒரு தசமமும் மில்லியனில் இரண்டு தசமமும் ஒரே படிதான், பத்தாயிரம். ஆனால் லட்சத்தில் படிப்பவருக்கு 12.5 நாவில் தானாக வரும், 1.25 மில்லியனை மனதுக்குள் மாற்ற வேண்டும். அளவை ஒவ்வொரு லேபிளிலும் ஒட்டாமல் "கோரிக்கைகள், லட்சத்தில்" என்று சார்ட் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும்.

காரணம் இ: பார்தான் பொய் சொல்கிறது. லேபிள் சரியாக இருந்தும் உயரம் ஒத்துவரவில்லை என்றால் அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் அச்சைத் தானாகவே பூஜ்யத்துக்கு மேலே தொடங்கிவிடும். நம் அட்டவணையில் மையத்தை நீக்கிவிட்டு அதே சார்ட்டைப் பாருங்கள்: கிழக்கு திடீரென்று பாதாளத்துக்குப் போனதுபோல் இருக்கும். Format Axis திறந்து Minimum பெட்டியில் 0 என்று எழுதுங்கள். பார் சார்ட்டில் இதற்கு விலக்கு வைக்க எனக்கு மனம் வராது. குறைந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டியே ஆக வேண்டும் என்றால் புள்ளி அல்லது கோடு போடுங்கள்.

காரணம் ஈ: தரவே ரவுண்ட் ஆகி வந்திருக்கிறது. முழு இலக்கம் காட்டியும் 12,00,000, 12,00,000, 13,00,000 என்று வந்தால் ஃபார்மட்டில் தேடிப் பயனில்லை. எத்தனை எண்கள் முழு ஆயிரங்களாக இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்:

```
=SUMPRODUCT(--(MOD(B2:B6,1000)=0))
```

தற்செயலாக முழு ஆயிரம் வருவது ஆயிரத்தில் ஒன்றுதான். ஐந்தில் ஐந்தும் அப்படி வந்தால் யாரோ முன்பே ரவுண்ட் செய்துவிட்டார்கள். சில சமயம் அந்த யாரோ எக்செலே. Options-இல் Advanced பகுதியில் Set precision as displayed என்று ஒரு பெட்டி உண்டு. அதை டிக் செய்தால் செல்லில் திரையில் தெரியும் எண் மட்டுமே மிஞ்சும், பின்னால் இருந்த இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். டிக்கை எடுத்தாலும் திரும்பி வராது. தானாக டிக் ஆகியிருக்காது, யாராவது செய்திருக்க வேண்டும்; "கூட்டல் ஒத்துவரவில்லை" என்ற எரிச்சலில் செய்திருப்பார்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* காரணம் ஈ என்று உறுதியானதும். மூல அமைப்பிலிருந்து முழு எண்ணோடு மறுபடி எடுத்துத் தரச் சொல்லித் தரவுத்தளத்தைப் பார்ப்பவரிடம் கேளுங்கள். போன இலக்கங்களை ஊகித்து நிரப்பாதீர்கள்.

## அறிகுறி 2: ஒரே சார்ட்டில் 986.7K-க்குப் பக்கத்தில் 1.2M

எண்ணுக்கு ஏற்ப K, M தானாக மாற வேண்டும் என்று இந்த ஃபார்மட்டை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார்கள்:

```
[>=1000000]0.0,,"M";[>=1000]0.0,"K";0
```

பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும். ஆனால் நம் எண்களில் மையம் 986.7K என்றும் மற்ற நான்கும் 1.2M, 1.3M என்றும் வரும். மையத்தின் லேபிளில் படி நூறு. மற்றவற்றில் படி ஒரு லட்சம். அதாவது ஒரே சார்ட்டில் ஒரு பாரை மட்டும் மற்றவற்றை விட ஆயிரம் மடங்கு நுணுக்கமாக அளந்து வைத்திருக்கிறோம். போதாததற்கு, வேகமாகக் கண்ணை ஓட்டுபவருக்கு 986.7 என்ற எண் 1.3-ஐ விடப் பெரிதாகத் தெரியும். கடைசியில் உள்ள ஓர் எழுத்தைப் படித்துவிட்டு ஒப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எளிய தீர்வு: ஒரு சார்ட்டுக்கு ஓர் அளவு. மிகப் பெரிய எண்ணைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள், எல்லா லேபிளுக்கும் அதையே போடுங்கள். மையம் 0.99M என்று வருவதில் எந்தத் தவறும் இல்லை. 0-வில் தொடங்கும் எண் அழகாக இல்லை என்று தோன்றினால் லட்சத்துக்கு மாற்றுங்கள், 9.9 என்று வரும்.

எல்லைக் கோளாறு. மாறும் அளவைத்தான் வைக்க வேண்டும் என்று மேலிடம் பிடிவாதமாகச் சொன்னால் இதையும் பார்த்துவிடுங்கள். ஒரு செல்லில் 999960 என்று போடுங்கள். மேலே உள்ள ஃபார்மட்டில் அது 1000.0K என்று வரும், 1.0M என்று வராது. எல்லையைச் சோதிப்பது ரவுண்ட் ஆவதற்கு முன் உள்ள எண்ணை வைத்து, காட்டுவது ரவுண்ட் ஆன எண்ணை. எல்லையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சரியாகிவிடும்:

```
[>=999950]0.0,,"M";[>=999.5]0.0,"K";0
```

குறை எண்கள் சுருங்கவில்லை என்றால். இந்த ஃபார்மட்டில் இரண்டு நிபந்தனைதான் வைக்க முடியும், மீதி எல்லாம் மூன்றாவது பகுதிக்குப் போகும். -25,00,000 எந்த நிபந்தனையிலும் அடங்காது, ஆகவே முழு நீளத்துக்கும் அப்படியே நிற்கும். லாபமும் நஷ்டமும் கலந்த சார்ட்டில் நஷ்டம் மட்டும் ஏழு இலக்கத்தில் பளிச்சென்று நின்றால் காரணம் இதுதான். ஓர் அளவுக்குத் திரும்புங்கள். `0.0,,"M"` குறை எண்ணுக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

கமா எதையுமே வகுக்கவில்லையா? கணினியின் வட்டார அமைப்பில் ஆயிரம் பிரிக்கும் குறி கமாவாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு குறியாக இருந்தால் ஃபார்மட்டிலும் அந்தக் குறியைத்தான் போட வேண்டும்.

வலைப்பக்கச் சார்ட்டுகளில் இதே நோய்க்கு வேறு முகம் உண்டு. டி3 நூலகத்தில் `.2s` என்ற ஃபார்மட் போட்டால் இரண்டு பொருள்படும் இலக்கம் மட்டுமே காட்டும்: மையம் 990k, வடக்கு 1.2M. எல்லையைத் தாண்டியதும் படி பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குத் தாவுகிறது. தவிர அது அறிவியல் முன்னொட்டுகளைப் போடும். பில்லியனுக்கு B வராது, G வரும். 0.5 என்ற மதிப்பு 500m என்று வரும். அந்தச் சின்ன m மில்லி, மில்லியன் அல்ல. ஒரு சராசரி மதிப்பெண் சார்ட்டில் இதைப் பார்த்துவிட்டு "ஐந்நூறு மில்லியனா?" என்று ஒருவர் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

## அறிகுறி 3: லேபிள்களைக் கூட்டினால் 100 வரவில்லை

நம் ஐந்து பிரிவுகளின் மொத்தம் 58,54,700. பங்குகளை ஒரு தசமத்தில் போட்டால்:

```
வடக்கு    21.3%
தெற்கு    21.4%
கிழக்கு    19.9%
மேற்கு    20.6%
மையம்    16.9%
```

கூட்டினால் 100.1. கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கூட்டிப் பார்ப்பார்.

முதல் சோதனை: இது ரவுண்டிங் பிழையா, உண்மைப் பிழையா? ரவுண்டிங்கால் வரும் விலகலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு லேபிளும் அதிகபட்சம் அரைப் படி விலகும். ஐந்து லேபிள், படி 0.1 என்றால் மொத்த விலகல் 0.25-ஐத் தாண்டக் கூடாது. 100.1 என்பது அதற்குள் அடங்குகிறது, பயமில்லை. 100.6 என்று வந்திருந்தால் ஒரு வரி இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது அல்லது மொத்தத்தின் சூத்திரம் தவறான வரம்பை எடுக்கிறது. ஃபார்மட்டை விட்டுவிட்டுச் சூத்திரத்தைப் பாருங்கள்.

தசமத்தைக் குறைத்துத் தப்பிக்க முடியுமா? முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்தால் 21, 21, 20, 21, 17. கூட்டினால் கச்சிதமாக 100. ஆனால் வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றும் 21 ஆகிவிட்டன. காட்டியே ஆக வேண்டும் என்று முதல் தலைப்பில் முடிவு செய்தோமே 40,300, அதை விடப் பெரிதான 44,400, வடக்குக்கும் மேற்குக்கும் இடையே உள்ளது, இங்கே காணாமல் போய்விட்டது. கூட்டல் ஒத்துவருவதற்காக வித்தியாசத்தைப் பலி கொடுக்கும் இந்த வழி எனக்குப் பிடிக்காது.

என் முதல் விருப்பம்: லேபிள்களை அப்படியே விட்டுவிட்டு, சார்ட்டுக்குக் கீழே "ரவுண்ட் செய்ததால் கூட்டுத்தொகை 100-இலிருந்து சிறிது விலகலாம்" என்று ஒரு வரி. பெரும்பாலான இடங்களில் இதோடு கதை முடிந்துவிடும்.

100 தான் வர வேண்டும் என்றால் பெரிய மீதி முறையைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் முதலில் கீழ்ப்பக்கமாக வெட்டுங்கள்: 21.3, 21.3, 19.8, 20.5, 16.8. கூட்டினால் 99.7, இன்னும் மூன்று படி பாக்கி. வெட்டிப்போட்ட மீதி எந்த மூன்று பிரிவுக்கு அதிகமோ அவற்றுக்கு ஆளுக்கு ஒரு படி கொடுங்கள். வெட்டுவதற்கு முன் கிழக்கு 19.880, தெற்கு 21.373, மேற்கு 20.568, மையம் 16.853, வடக்கு 21.326. மீதிகள் அதே வரிசையில் 0.080, 0.073, 0.068, 0.053, 0.026. ஆக கிழக்கு, தெற்கு, மேற்கு மூன்றும் ஒரு படி ஏறும்; மையம் 16.8-ஆகவே நிற்கும். கூட்டினால் 100.0.

இதற்கு ஒரு விலை உண்டு. மையத்தின் உண்மைப் பங்கு 16.853, வழக்கமாக ரவுண்ட் செய்தால் 16.9 தான். அதே எண் வேறொரு பக்கத்தில் 16.9 என்று வந்தால் "எது சரி?" என்று மடல் வரும். அதனால் இந்த முறையைக் கையாண்டால் அறிக்கை முழுவதும் அதே எண்களைக் காட்டுங்கள். கூட்டல் சரியாக வர வேண்டும் என்பதற்காகக் கடைசிப் பிரிவில் மட்டும் கையால் 0.1 குறைத்துவிடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். அது அடுத்த மாதம் தரவு மாறும்போது அப்படியே நின்று மாட்டிவிடும்.

மாற்ற விகிதம் ஒத்துவரவில்லை என்பதும் இதே குடும்பம்தான். வடக்கு போன மாதம் 12,31,800, இந்த மாதம் 12,48,600. லேபிள்கள் 12.3, 12.5. பக்கத்தில் வளர்ச்சி 1.4% என்று எழுதியிருக்கிறது, அது முழு எண்களை வைத்துப் போட்ட சரியான கணக்கு. ஆனால் லேபிளை வைத்துக் கணக்குப் போடும் வாசகருக்கு 1.6% வருகிறது. லேபிளிலிருந்து திரும்பக் கணக்குப் போட்டு விகிதத்தை மாற்றிவிடாதீர்கள். வளர்ச்சி முக்கியம் என்றால் அதையே லேபிளாக வையுங்கள், எண்ணிக்கையை அச்சு பார்த்துக்கொள்ளும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* தணிக்கைக்குப் போகும் நிதி அறிக்கை, அல்லது எங்கே எப்படி ரவுண்ட் செய்ய வேண்டும் என்று விதி உள்ள ஆவணம் என்றால் பெரிய மீதி முறை உட்பட எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். கணக்காளரிடம் விடுங்கள்.

## அறிகுறி 4: பார் இருக்கிறது, லேபிள் 0 என்கிறது

0.04% பிழை விகிதம் `0.0%` ஃபார்மட்டில் 0.0% ஆகிவிடும். ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் கொஞ்சம் நடந்தது என்பதும் ஒன்றல்ல; பிழைகள், விபத்துகள், புகார்கள் போன்றவற்றில் அந்த வித்தியாசம்தான் செய்தியே.

எல்லா லேபிளுக்கும் தசமம் கூட்டினால் 12.43%, 8.17% என்று தேவையில்லாத இரைச்சல் வரும். அதற்குப் பதில் சிறிய எண்ணுக்கு மட்டும் தனி வழி வையுங்கள்:

```
[=0]0;[<0.001]"<0.1%";0.0%
```

உண்மையான பூஜ்யம் 0 என்று வரும், மிகச் சிறியது <0.1% என்று வரும், மற்றவை வழக்கம்போல். குறை எண்கள் வரக்கூடிய நெடுவரிசையில் இதைப் போடாதீர்கள், அவையும் 0.001-ஐ விடச் சிறியவைதான், நடுப் பகுதியில் போய் மாட்டிக்கொள்ளும்.

செல் காலியாக இருந்தால் அது பூஜ்யம் அல்ல, தகவல் வரவில்லை. அதற்கு ஃபார்மட் உதவாது. அந்தப் பிரிவிலிருந்து தகவல் வந்ததா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## அறிகுறி 5: ஒரே எண், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக

சார்ட்டில் 12.5, பக்கத்து அட்டவணையில் 12.4. மூல எண் 12,44,900 என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் இருமுறை ரவுண்ட் ஆகியிருக்கும். 12,44,900-ஐ லட்சமாக்கினால் 12.449. நேரடியாக ஒரு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 12.4. ஆனால் துணை நெடுவரிசையில் யாரோ `ROUND(...,2)` போட்டு 12.45 ஆக்கி, அதன் மேல் லேபிள் ஃபார்மட் `0.0` உட்கார்ந்தால் 12.5. எண் பயணம் செய்யும் பாதையில் ROUND என்று தேடுங்கள், நடுவில் உள்ளவற்றை எடுத்துவிடுங்கள். ரவுண்டிங் கடைசி இடத்தில், லேபிளில், ஒரே ஒருமுறை.

இல்லையென்றால் பாதி விதி வேறு. எக்செலின் ROUND 12.5-ஐ 13 ஆக்கும். அதே எக்செலின் விபிஏ மொழியில் உள்ள `Round` 12 ஆக்கும். பைத்தானும் அப்படியே, ஏனென்றால் இரண்டும் சரிபாதியை இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். பைத்தானில் `round(2.675, 2)` 2.68 தராது, 2.67 தரும். அங்கே காரணம் பாதி விதிகூட இல்லை, அந்த எண் கணினிக்குள் 2.675-ஐ விட ஒரு மயிரிழை குறைவாகச் சேமிக்கப்படுவதுதான். இரு இடத்திலும் ஒரே கருவியில் ரவுண்ட் செய்யுங்கள், வேறு குறுக்குவழி இல்லை.

லேபிள் உரையாக மாறியிருந்தால் இன்னொரு வேடிக்கை. TEXT சூத்திரத்தில் சுருக்கி, Label Options-இல் Value From Cells வழியாக லேபிளாக வைப்பது நல்ல உத்திதான். எக்செல் 2013 முதல் இருக்கிறது. ஆனால் TEXT தருவது எண் அல்ல, எழுத்து. அந்த நெடுவரிசையை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் 9.9 என்பது 12.5-க்கு மேலே போய் நிற்கும். லேபிளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, பாருக்கும் வரிசைக்கும் மூல எண்ணையே கொடுங்கள். புது வரி சேர்த்தால் லேபிள் வரம்பையும் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் பார் மொட்டையாக நிற்கும்.

பவர் பிஐ-யில் FORMAT சூத்திரமும் எழுத்தைத்தான் தரும், அதை மதிப்பாக வைத்தால் பாரே வராது. அங்கே Display units பெட்டி Auto-வில் இருந்தால் வடிகட்டியைத் தொடும்போதெல்லாம் அளவு K, M என்று மாறிக்கொண்டே இருக்கும். காலையில் எடுத்த படமும் மாலையில் எடுத்த படமும் வேறுபடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஓர் அளவில் நிறுத்துங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* ரவுண்டிங் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் அளவீட்டுச் சூத்திரத்துக்குள் இருந்தால். அதைத் தொட்டால் நீங்கள் பார்த்தே இராத இருபது சார்ட்டுகள் மாறும். அந்த மாடலை வைத்திருப்பவரிடம் மூல எண், இரண்டு இடத்திலும் தெரியும் லேபிள், நடுவில் நீங்கள் கண்ட ROUND ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அவர் தேட வேண்டிய நேரம் பாதியாகக் குறையும்.